மின்னஞ்சலில் வரும் கியூஆர் குறியீட்டுப் பொறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னஞ்சலில் கியூஆர் குறியீடு வந்தால் என்ன ஆபத்து? அது வெறும் படம்தானே?

படம்தான். ஆனால் அந்தப் படத்துக்குள் ஓர் எழுத்து வரிசை இருக்கிறது. பெரும்பாலும் அது ஓர் இணைய முகவரி. தொலைபேசியின் கேமராவைக் காட்டியதும் முகவரி வெளிவருகிறது, ஒரு தட்டலில் பக்கம் திறக்கிறது. ஆகவே அதைக் கண்ணால் படிக்க முடியாத ஒரு லிங்க் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண லிங்க் என்றால் மவுஸை அதன் மேல் வைத்தாலே எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இதில் அந்த வசதி இல்லை.

அலுவலக மின்னஞ்சல் கணக்குகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பதால் இந்த மின்னஞ்சல்களைப் பற்றிய அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். பணம் செலுத்தும் குறியீடுகளிலும் பொது இடங்களில் ஒட்டப்படும் போலிக் குறியீடுகளிலும் நடக்கும் மோசடி வேறு வகை. இங்கே பேசுவது, மின்னஞ்சலில் வந்து அலுவலகக் கணக்கைப் பறிக்கும் குறியீட்டைப் பற்றி மட்டும்.

எங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சல் வடிகட்டி இருக்கிறது, லிங்க் சரிபார்ப்பும் இருக்கிறது. அதையும் தாண்டி எப்படி வந்தது?

வடிகட்டி எதைப் படிக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். மின்னஞ்சலின் உள்ளடக்கத்திலிருந்து லிங்குகளைப் பிரித்தெடுத்து, கெட்ட முகவரிகளின் பட்டியலோடு ஒப்பிடும். சந்தேகம் வந்தால், தனிமைப்படுத்தப்பட்ட ஒரு கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும். பல அமைப்புகள் லிங்கையே மாற்றி எழுதி வைத்து, நீங்கள் சொடுக்கும் நொடியில் மறுபடியும் சோதிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் தேவை, மின்னஞ்சலின் எழுத்துகளுக்குள் ஒரு லிங்க் இருப்பது. கியூஆர் குறியீட்டு மின்னஞ்சலில் அது இல்லை. முகவரி கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு படத்தில் இருக்கிறது. “உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிறது” போன்ற வாசகங்களையும் அதே படத்துக்குள் எழுதிவிடுவார்கள். எழுத்துகளை மட்டும் ஆராயும் வடிகட்டிக்கு அது ஏறத்தாழ வெற்று மின்னஞ்சலாகவே தெரியும். தடுத்து வைக்க அதனிடம் காரணம் எதுவும் இருக்காது.

அப்படியானால் படத்திலுள்ள குறியீட்டையும் படிக்கும்படி வடிகட்டியை அமைத்தால் போதுமே?

அமைக்கத்தான் வேண்டும். 2023இல் இந்த உத்தி பெருவாரியாகப் பரவிய பிறகு, பெரிய மின்னஞ்சல் பாதுகாப்புச் சேவைகள் படத்திலுள்ள குறியீட்டைப் படித்து முகவரியைச் சோதிக்கத் தொடங்கிவிட்டன. சாதாரணக் குறியீடுகள் இப்போது நிறையவே பிடிபடுகின்றன. அதற்கேற்ப அனுப்புகிறவர்களும் மாறினார்கள். குறியீட்டைப் பிடிஎஃப் கோப்புக்குள் வைத்து இணைக்கிறார்கள். ஒரே குறியீட்டை இரண்டு படங்களாக வெட்டி அருகருகே ஒட்டுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே குறியீடு ஆகாது. இன்னொரு வகையில் படமே கிடையாது. `█` போன்ற கட்ட எழுத்துகளை வரிசையாக அடுக்கி, நிறத்தை மட்டும் மாற்றி, கண்ணுக்கும் கேமராவுக்கும் குறியீடாகத் தெரியும்படி செய்கிறார்கள். படங்களைத் தேடும் வடிகட்டி அங்கே எழுத்துகளைத்தான் காணும்.

முகவரியைச் சரியாகப் படித்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. வடிகட்டியின் சோதனைக் கணினி அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது “நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்” என்ற கட்டம் முதலில் வந்து நிற்கும். அதைத் தாண்ட இயந்திரத்தால் முடியாமல் போகலாம். சில பக்கங்கள், வந்திருப்பது தொலைபேசி பிரவுசர்தானா என்று பார்க்கின்றன. இல்லையென்றால் தீங்கற்ற வேறொரு தளத்துக்கு அனுப்பிவிடுகின்றன. கணினியிலிருந்து போன வடிகட்டிக்கு நல்ல பக்கமும், தொலைபேசியிலிருந்து போன உங்களுக்குப் பொறியும் தெரியும். வடிகட்டி ஒரு மின்னஞ்சலை அனுமதித்திருப்பது அதற்குத் தரப்பட்ட நற்சான்றிதழ் ஆகாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஏன் தொலைபேசியை எடுக்கச் சொல்கிறார்கள்? கணினியிலேயே திறக்க வைக்கலாமே?

வடிகட்டியிடமிருந்து மறைப்பது பாதிக் காரணம் மட்டுமே. அலுவலகக் கணினியில் பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது, வலையமைப்பில் தடுப்பு இருக்கிறது, பிரவுசரும் எச்சரிக்கும். தொலைபேசி பெரும்பாலும் உங்கள் சொந்தப் பொருள். அது மொபைல் இணையத்தில் இயங்குகிறது. கண்காணிக்கப்படும் கருவியிலிருந்து கண்காணிக்கப்படாத கருவிக்கு உங்கள் கையாலேயே உங்களை நகர்த்துகிறார்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு இழப்பும் இதில் இருக்கிறது. கணினியில் கடவுச்சொல் நிர்வாகி மென்பொருள் வைத்திருப்பவருக்கு, தளத்தின் முகவரி மாறினால் அது கடவுச்சொல்லை நிரப்பாது. அந்தத் தயக்கமே நல்ல எச்சரிக்கை. தொலைபேசியில் அதே மென்பொருளை அமைத்துக்கொள்ளாதவர் கையால் தட்டச்சு செய்துவிடுகிறார். எச்சரிக்கை வர வழியே இல்லை. மேலும், தொலைபேசியில் நடந்தது அலுவலகப் பதிவுகளில் எங்கும் இருக்காது. யார் திறந்தார்கள் என்பது, திறந்தவர் சொன்னால்தான் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியும்.

நான் மின்னஞ்சலையே தொலைபேசியில்தான் படிக்கிறேன். அப்போது ஸ்கேன் செய்ய முடியாதே, எனக்கு ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. இன்றைய தொலைபேசிகள் பலவற்றில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், அதிலுள்ள குறியீட்டைப் படித்து லிங்கைத் திறக்கும் வசதி வருகிறது.

உண்மையில் இந்த மின்னஞ்சல் எப்படி இருக்கும்? ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள்.

இது பொதுவாகக் காணப்படும் அம்சங்களைச் சேர்த்து நான் அமைத்த மாதிரி. தலைப்பு: “இரண்டடுக்குச் சரிபார்ப்பு இன்று காலாவதியாகிறது”. அனுப்பியவரின் பெயராகத் தெரிவது “தகவல் தொழில்நுட்பப் பிரிவு”. பெயரைத் தட்டிப் பார்த்தால் முகவரி சம்பந்தமே இல்லாத வேறொரு நிறுவனத்துடையது. உள்ளே ஒரே படம்: மேலே நிறுவனச் சின்னம், நடுவில் கியூஆர் குறியீடு, கீழே “24 மணி நேரத்துக்குள் உங்கள் தொலைபேசியால் ஸ்கேன் செய்து மறுபதிவு செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்” என்ற வரி. சம்பள உயர்வு விவரம், கையொப்பமிட வேண்டிய ஆவணம், பகிரப்பட்ட கோப்பு ஆகியவையும் இதே அச்சில் வரும்.

குறியீட்டுக்குள் இருப்பது இப்படி ஒரு முகவரி. இதில் உள்ள பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக ஒதுக்கப்பட்டவை, யாருக்கும் சொந்தமானவை அல்ல:

```
https://office.example.com.signin-check.example/v#dXNlckBleGFtcGxlLmNvbQ==
```

இதைத் திறந்தால் முதலில் மனிதர்தானா என்ற சோதனை வரும். அடுத்து, உங்கள் நிறுவனத்தின் சின்னத்தோடு உள்நுழைவுப் பக்கம் வரும். அதில் உங்கள் மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். “என்னைத் தெரிந்து வைத்திருக்கிறதே, அலுவலகப் பக்கம்தான்” என்ற நம்பிக்கை பிறக்கும் இடம் இது. மேலே `#` குறிக்குப் பின் புரியாத எழுத்துகளாக இருப்பதை பேஸ்64 முறையில் மாற்றினால் `user@example.com` என்று வரும். ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு உருவாக்கி, அவரவர் முகவரியை இப்படி உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். `#` குறிக்குப் பின்னால் வருவதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதில்லை. பக்கத்தில் ஓடும் நிரல் மட்டுமே படிக்கும். அதனால் வலையமைப்புப் பதிவுகளைப் பார்த்தாலும் யாருக்கு வந்த குறியீடு என்று தெரியாது.

கடவுச்சொல்லைக் கொடுத்ததும், உங்கள் உண்மையான சேவையிலிருந்தே ஓடிபி வரும். அதையும் கொடுத்தால் “மறுபதிவு முடிந்தது” என்று காட்டிவிட்டு, உண்மையான அலுவலகப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும். எங்கும் பிழை தென்படாது. பாதிக்கப்பட்டவர்கள் பலருக்கு அன்று எதுவும் நடந்ததாகவே தெரிவதில்லை.

குறியீட்டுக்குள் இருக்கும் முகவரியைத் திறக்காமல் பார்க்க முடியுமா?

முடியும். பெரும்பாலான தொலைபேசிகளின் கேமரா, குறியீட்டைக் கண்டதும் முகவரியைத் திரையில் காட்டிவிட்டு உங்கள் தட்டலுக்காகக் காத்திருக்கும். தனி ஸ்கேனர் செயலிகள் சில உடனே திறந்துவிடும். அவற்றின் அமைப்புகளில் தானாகத் திறப்பதை நிறுத்திவையுங்கள். தொலைபேசியையே தொட வேண்டாம் என்றால், படத்தைக் கணினியில் சேமித்து, ஸீபார் என்ற இலவச மென்பொருளின் கட்டளையால் படிக்கலாம்:

```
zbarimg -q --raw code.png
```

இது முகவரியை எழுத்தாகக் காட்டும், எதையும் திறக்காது. குறியீட்டைப் படித்துத் தரும் இணையதளங்களில் படத்தை ஏற்ற வேண்டாம் என்பேன். மேலே பார்த்ததுபோல் அதில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இருக்கலாம். அது உண்மையான அலுவலகக் குறியீடாக இருந்தால் இரகசியமே இருக்கலாம். இந்த ஆராய்ச்சி எல்லோருக்கும் தேவையும் இல்லை. சந்தேகம் வந்த மின்னஞ்சலைப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுத்துவிடுவதே பெரும்பாலானோருக்குச் சிறந்த வழி.

முகவரியில் எங்கள் நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருந்தது. பிறகு எப்படி அது போலி?

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். `https://` முடிந்த இடத்திலிருந்து அடுத்த சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். மேலேயுள்ள மாதிரியில் அந்தப் பகுதி `office.example.com.signin-check.example`. வலது கோடியில் உள்ள இரண்டு துண்டுகளான `signin-check.example` என்பதே தளத்தின் உரிமையாளரைக் காட்டுகிறது. அதற்கு இடப்பக்கம் உள்ள எதையும் அந்த உரிமையாளர் தன் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம்; உங்கள் நிறுவனத்தின் முழு முகவரியையும்கூட. `co.uk` போல இரண்டு துண்டுகள் சேர்ந்து பின்னொட்டாக வரும் முகவரிகளில் மூன்றாவது துண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொலைபேசியின் குறுகிய திரையில் நீளமான முகவரியின் ஒரு பகுதிதான் தெரியும். தெரியும் பகுதி `office.example.com` வரை மட்டும் என்றால் உண்மையானது போலவே இருக்கும். அதற்காகவே பெயரை இவ்வளவு நீட்டுகிறார்கள்.

முகவரி ஒரு பெரிய தேடுபொறியுடையதாகவே இருந்தது, வலமிருந்து படித்தும் பார்த்தேன். அதுவும் போலியா?

தேடுபொறி உண்மையானதுதான், அது உங்களைக் கொண்டுபோய் விடும் இடம் போலி. பெரிய தளங்கள் பலவற்றில், வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும் லிங்குகள் நியாயமான தேவைக்காகவே இருக்கின்றன. தாக்குபவர் தன் பொறியின் முகவரியை அப்படிப்பட்ட லிங்குக்குள் பொதிந்து, அதைக் குறியீடாக்குகிறார். கேமரா காட்டுவது முதல் நிறுத்தத்தை மட்டுமே.

மின்னஞ்சல் பாதுகாப்பு நிறுவனமான கோஃபென்ஸ் 2023 ஆகஸ்டில் விவரித்த தாக்குதல் இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டு மே முதல் நடந்த அதில், அமெரிக்காவின் பெரிய எரிசக்தி நிறுவனம் ஒன்றுதான் அதிகம் குறிவைக்கப்பட்டது. பறிக்க முயன்றது மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் கடவுச்சொற்களை. குறியீடுகள் பலவற்றில் இருந்தது, அதே மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியுடைய திருப்பிவிடும் முகவரி. எனவே குறியீட்டைப் படித்துப் பார்ப்பது போலியைக் கண்டுபிடிக்க உதவும். உண்மையானது என்று உறுதிசெய்ய உதவாது. கடைசியில் எந்தப் பக்கம் கடவுச்சொல் கேட்கிறதோ, அந்தப் பக்கத்தின் முகவரியைப் பார்ப்பதே கணக்கில் வரும்.

குறியீட்டின் நடுவிலேயே எங்கள் நிறுவனச் சின்னம் இருந்ததே?

யார் வேண்டுமானாலும் வைக்கலாம். கியூஆர் குறியீட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கியது. தொழிற்சாலையில் அழுக்குப் படிந்தாலும் படிக்கும்படி, பிழை திருத்தும் தரவும் அதற்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டெடுக்க முடியும். நடுவில் ஒட்டும் சின்னமும் அந்தக் கணக்கில் ஒரு சிதைவுதான். அனுப்பியவர் யார் என்பதற்கு அது எந்த ஆதாரமும் இல்லை.

அனுப்பியவர் எனக்குத் தெரிந்தவர், அவருடைய உண்மையான முகவரியிலிருந்தே வந்தது. இதையும் நம்பக் கூடாதா?

அவருடைய கணக்கு நேற்று இதே வழியில் பறிபோயிருக்கலாம். பறித்தவர் அந்தப் பெட்டியிலிருந்தே அவருடைய தொடர்புகளுக்கு அடுத்த சுற்றை அனுப்புவது வழக்கம். அனுப்பியவரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகள் அத்தனையிலும் அந்த மின்னஞ்சல் தேறிவிடும், ஏனென்றால் அது உண்மையாகவே அந்தக் கணக்கிலிருந்து கிளம்பியது.

அவரிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் பதில் மின்னஞ்சலில் கேட்காதீர்கள். பெட்டி தாக்குபவரின் கையில் இருந்தால், “ஆமாம், நான்தான் அனுப்பினேன்” என்று அவரே பதில் எழுதுவார். தொலைபேசியில் அழையுங்கள், எண்ணை அந்த மின்னஞ்சலிலிருந்து எடுக்காமல் உங்களிடம் ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்துங்கள்.

ஸ்கேன் செய்து பக்கத்தைத் திறந்துவிட்டேன், ஆனால் எதையும் தட்டச்சு செய்யவில்லை. பயப்பட வேண்டுமா?

இந்த வகைத் தாக்குதலில் கணக்கு பறிபோவது, நீங்கள் தகவலைக் கொடுக்கும்போதுதான். பக்கத்தைத் திறந்ததால் மட்டும் கடவுச்சொல் போய்விடாது. இயங்குதளமும் பிரவுசரும் புதுப்பிக்கப்பட்டிருந்தால், திறந்த உடனே தொலைபேசி கைப்பற்றப்படுவது மிக அரிது. பக்கம் ஏதேனும் செயலியை நிறுவச் சொல்லி நீங்கள் சம்மதித்திருந்தால் மட்டும் அது வேறு விஷயம். அந்தச் செயலியை நீக்கி, தொலைபேசியைப் பாதுகாப்புக் குழுவிடம் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் நடந்திருக்கும். குறியீடு உங்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது என்றால், இந்த முகவரிக்காரர் ஸ்கேன் செய்கிறவர் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மின்னஞ்சலை எதிர்பாருங்கள். பக்கத்தை மூடிவிட்டு, நடந்ததைத் தெரிவியுங்கள்.

எனக்கு ஓடிபி இருக்கிறது. கடவுச்சொல் போனாலும் உள்ளே நுழைய முடியாதே?

முடியும். இதைத்தான் மிகவும் வருத்தத்தோடு பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. இன்றைய போலிப் பக்கம் வெறும் படிவம் அல்ல; உங்களுக்கும் உண்மையான சேவைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் இடைத்தரகர். நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லை அந்த நொடியே உண்மையான தளத்தில் கொடுக்கிறது. தளம் ஓடிபி கேட்டால், அதை உங்களிடம் கேட்டு வாங்கி அங்கே கொடுக்கிறது. தொலைபேசியில் “அனுமதி” என்று அழுத்தும் முறையிலும் இதே கதைதான். நீங்கள் அனுமதிப்பது அவர்களுடைய உள்நுழைவை.

உள்நுழைவு முடிந்ததும், “இவர் சரிபார்க்கப்பட்டவர்” என்பதற்கு அடையாளமாக உண்மையான தளம் ஒரு குக்கீயைத் தருகிறது. அது நடுவில் இருப்பவரின் கைக்குப் போகிறது. அதைத் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டால், கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் கணக்கில் இருக்கலாம். ஓடிபி சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ காலாவதியாகிவிடும். அந்தக் குக்கீ பல நாட்கள் செல்லும்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியில் சேமிக்கப்படும் பாஸ்கீயும், கையில் வைத்துக்கொள்ளும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவியும் இதற்குப் பணியாதவை. அவை தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், `signin-check.example` கேட்டால் பதிலே தராது. ஏமாறுவதற்கு மனிதருக்கு அங்கே வாய்ப்பு இல்லை. ஆனால் அதே கணக்கில் ஓடிபியையும் மாற்று வழியாக விட்டுவைத்திருந்தால், போலிப் பக்கம் “வேறு வழியில் உள்நுழையுங்கள்” என்று அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாதுகாப்புக் குழுவைத் தொலைபேசியில் அழையுங்கள். வெட்கப்பட்டுத் தாமதிக்கும் நேரம் முழுவதும் தாக்குபவருக்கே பயன்படும். தொலைபேசியில் நடந்தது பதிவுகளில் தெரியாது என்று மேலே சொன்னேன். உங்கள் அழைப்புதான் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் தகவல். பிறகு வேறொரு நம்பகமான கருவியில், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றுங்கள். கூடவே “எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு” என்பதைக் கட்டாயம் செய்யுங்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்கேனும் பயன்படுத்தியிருந்தால் அங்கும் மாற்றுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அவர்கள் என் பெட்டியில் இருப்பது போலத் தெரிகிறது. எப்படி?

பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். ஏற்கெனவே திருடிய குக்கீ இன்னும் செல்லுபடியாகிறது. கடவுச்சொல்லை மாற்றியதால் மட்டும் அது எல்லாச் சேவைகளிலும் ரத்தாவதில்லை, செஷன்களை நிர்வாகி முடித்துவைக்க வேண்டும். அல்லது உள்ளே வந்ததும் தங்கள் தொலைபேசியை உங்கள் கணக்கின் இன்னொரு சரிபார்ப்புக் கருவியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அல்லது உங்கள் அஞ்சலைப் படிக்க ஏதோ ஒரு வெளிச் செயலிக்கு அனுமதி கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அஞ்சல் பெட்டியின் விதிகளையும் திறந்து பாருங்கள். “விலைப்பட்டியல்” என்ற சொல் வரும் அஞ்சல்களை வெளி முகவரிக்கு அனுப்பு, “மோசடி” என்ற சொல் வந்தால் யாரும் பார்க்காத கோப்புறைக்கு நகர்த்து என்ற மாதிரியான விதிகள் அங்கே இருக்கலாம். சக ஊழியர்கள் அனுப்பும் எச்சரிக்கை உங்கள் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம். பதிவான கருவிகள், அனுமதி பெற்ற செயலிகள், விதிகள் ஆகிய மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை கணக்கு மீண்டுவிட்டது என்று கொள்ளாதீர்கள்.

சரிபார்ப்புச் செயலியை அமைக்க உண்மையிலேயே கியூஆர் குறியீடு தேவைப்படுகிறதே. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

குறியீடு எங்கே தோன்றுகிறது, யார் தொடங்கியது என்று பாருங்கள். உண்மையான அமைப்பில், நீங்களே கணக்கில் உள்நுழைந்து, அமைப்புகளுக்குள் போய், புதிய கருவியைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு குறியீடு அந்தப் பக்கத்தில் தோன்றும். அதைக் கேமராவால் அல்ல, சரிபார்ப்புச் செயலிக்குள்ளிருந்து ஸ்கேன் செய்வீர்கள். அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் `otpauth://` என்று தொடங்கும். ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல் கேட்காது. சரிபார்ப்பை மறுபதிவு செய்யச் சொல்லி மின்னஞ்சலில் வந்த குறியீடு `https://` என்று தொடங்கி உள்நுழைவுப் பக்கத்துக்குப் போனால், அதை நிராகரிக்க எனக்கு அதுவே போதும்.

சில நிறுவனங்கள் பதிவுக் குறியீட்டை மின்னஞ்சலிலேயே அனுப்புவதும் உண்டு. அப்படி வந்தால், நீங்கள் கேட்டு வந்ததா, உதவி மையம் முன்கூட்டியே சொன்னதா என்று தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு பயன்படுத்துங்கள்.

குறியீடு எந்த உள்நுழைவுப் பக்கத்தையும் திறக்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. அப்படியானால் பாதுகாப்பானதுதானே?

அவசியமில்லை. சில குறியீடுகளை ஸ்கேன் செய்வதே அனுமதி கொடுப்பதாகிவிடும். வாட்ஸ்அப்பைக் கணினியோடு இணைக்கும் குறியீடு அப்படிப்பட்டது. ஸ்டார் பிலிஸார்ட் என்று அழைக்கப்படும் ரஷ்ய உளவுக் குழுவின் தாக்குதலை மைக்ரோசாஃப்ட் 2025 ஜனவரியில் விவரித்தது. முதல் மின்னஞ்சலில், வாட்ஸ்அப் குழுவில் சேர என்று சொல்லி, வேண்டுமென்றே வேலை செய்யாத ஒரு குறியீட்டை வைத்தார்கள். “திறக்கவில்லையே” என்று பதில் எழுதியவருக்கு இரண்டாவது மின்னஞ்சலில் ஒரு லிங்க் போனது. அந்தப் பக்கத்தில் இருந்தது குழுவில் சேரும் குறியீடு அல்ல, தாக்குபவரின் கருவியை உங்கள் கணக்கோடு இணைக்கும் குறியீடு. வழிகாட்டியபடி ஸ்கேன் செய்தவரின் செய்திகளை அவர்கள் படிக்க முடிந்தது.

இங்கே முகவரியை வலமிருந்து படிக்கும் வித்தை உதவாது. செயலி “கருவியை இணைக்கவா” என்று கேட்கிறதா, “குழுவில் சேரவா” என்று கேட்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை அவ்வப்போது திறந்து, தெரியாததை நீக்குங்கள்.

நான் நிர்வாகி. வடிகட்டியைத் தவிர வேறு எதை மாற்றினால் உண்மையான பலன் கிடைக்கும்?

என் அனுபவத்தில் முதலிடம், நிறுவனத்தில் பதிவான கருவியிலிருந்து மட்டுமே உள்நுழைய முடியும் என்ற விதிக்கு. நடுவில் உட்கார்ந்திருக்கும் சர்வர் உங்கள் பதிவான கருவி அல்ல; ஊழியர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொடுத்தாலும் உள்நுழைவு நிராகரிக்கப்படும். அடுத்து பாஸ்கீ, மாற்று வழியாக ஓடிபியை விட்டுவைக்காமல். இரண்டையும் நிதி, மனிதவளம், நிர்வாகிக் கணக்குகள் ஆகியவற்றில் தொடங்கலாம். புதிய சரிபார்ப்புக் கருவி சேர்க்கப்படும்போதும், வெளி முகவரிக்கு அஞ்சலைத் திருப்பும் விதி உருவாகும்போதும் எச்சரிக்கை வரும்படி அமையுங்கள்.

புகார் செய்யும் வழியையும் சரிபாருங்கள். ஊழியர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் குறியீடு இருக்கும், ஆனால் மின்னஞ்சல் எந்த வழியாக வந்தது என்ற தலைப்புத் தகவல்கள் போய்விடும். புகார் பொத்தானோ, மூல மின்னஞ்சலை `.eml` கோப்பாக இணைத்து அனுப்பும் வழியோ வேண்டும். அதிலிருந்து அதே மின்னஞ்சல் வேறு யாருக்கெல்லாம் போனது என்று தேடி, எல்லாப் பெட்டிகளிலிருந்தும் நீக்கலாம். உங்கள் நிறுவனத்தின் சொந்த அறிவிப்புகளில் கியூஆர் குறியீடு வைப்பதை நிறுத்திவிடுங்கள். திரையில் படிக்கும் ஒருவருக்குச் சாதாரண லிங்கே போதும், அதை உங்கள் வடிகட்டியும் படிக்கும். குறியீடு வைக்கும் வழக்கமே அலுவலகத்தில் இல்லையென்றால், வந்து சேரும் எந்தக் குறியீடும் ஊழியரின் கண்ணுக்கு உடனே உறுத்தும்.